45 வயதுக்கு மேல் கருத்தடை: எதுவரைக்கும், எப்போது நிறுத்தலாம்?

எனக்கு 46. மாதவிடாய் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. இனியும் கருத்தடை தேவையா?

தேவை. மாதவிடாய் தள்ளிப்போகிற இந்தக் காலத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நாற்பதைத் தாண்டியதும் முட்டை வெளிவருவது குறைகிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை. இரண்டு மாதம் சும்மா இருந்த சினைப்பை மூன்றாவது மாதம் ஒரு முட்டையை விடும். மாதவிடாய் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே முட்டை வந்துவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் "அடுத்த தடவை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பதில் பயனில்லை. ரத்தத்தைப் பார்க்கிறபோது அந்த முட்டைக்கான வாய்ப்பு முடிந்துபோயிருக்கும்.

இந்த வயதில் கர்ப்பம் எளிதில் தரிக்காது என்பது உண்மை. தரித்தால் சிக்கல் அதிகம். 45 வயதுக்கு மேல் தரிக்கும் கர்ப்பங்களில் பாதிக்கு மேல் தானாகக் கலைந்துவிடுகின்றன. தொடர்ந்தாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு என்று ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதைவிட நான் அடிக்கடி பார்ப்பது வேறு ஒன்று. "நின்றுபோச்சுன்னு நினைச்சேன் டாக்டர், வயிறு உப்புசமா இருக்கு" என்று நான்காவது, ஐந்தாவது மாதத்தில் வருகிறவர்கள். கல்லூரி போகும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களே என்ற கூச்சத்தில் மருந்துக்கடையில் டெஸ்ட் கிட் கேட்கவே தயங்கியிருப்பார்கள்.

எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் இல்லை. தமிழ்நாட்டில் மிகப் பலர் இரண்டாவது பிரசவத்தோடு இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவர்கள்தான். அவர்கள் தேதி எண்ண வேண்டியதில்லை. கணவருக்கு வாசெக்டமி ஆகி, மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியாகியிருந்தாலும் அப்படியே. கருப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

ஒன்று மட்டும். பெண்களுக்கான ஆபரேஷன் வாழ்நாளில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத் தவறலாம். தவறினால் கரு குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். ஆகவே மாதவிடாய் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலியும் இருந்தால், வயது 46 ஆனாலும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

"நின்றுவிட்டது" என்று எப்போது சொல்லலாம்? அதற்கு எவ்வளவு நாள் கழித்துக் கருத்தடையை விடலாம்?

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால், அந்தக் கடைசி மாதவிடாயோடு நின்றுவிட்டது என்று பொருள். அதாவது, ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்த்துத்தான் இதைச் சொல்ல முடியும். அன்றைக்கே சொல்ல வழியில்லை. ஹார்மோன் எதுவும் எடுக்காதவர்களுக்கு மட்டுமே இந்தக் கணக்குச் செல்லும். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

கருத்தடையை விடுவதற்கு உலகில் பல மருத்துவர்கள் பின்பற்றும் விதி எளிமையானது. கடைசி மாதவிடாய் வந்தபோது உங்களுக்கு 50 வயது முடிந்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து 1 ஆண்டு. 50 முடியாமல் இருந்தால் 2 ஆண்டு. எப்படியிருந்தாலும் 55 வயதில் நிறுத்திவிடலாம். அந்த வயதுக்கு மேல் இயல்பாகக் கருத்தரிப்பது மிக மிக அரிது.

50-க்குக் கீழ் ஏன் இரண்டு ஆண்டு? இளம் வயதில் ஓராண்டு நின்றுபோன சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ள வாய்ப்பு சற்று அதிகம் என்பதால்தான்.

இங்கே நம் ஊர்ப் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரிட்டனில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியாவில் 46, 47 வாக்கில். ஆக, அங்கே பாதிப் பேருக்கு மேல் "1 ஆண்டு" பக்கம் வருகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் "2 ஆண்டு" பக்கம் வருகிறோம். "ஒரு வருஷம் வரலேன்னா போதும்" என்று எங்கோ படித்ததை வைத்துக்கொண்டு 47 வயதில் நிறுத்திவிடுகிறவர்கள் பாதி வழியில் இறங்கிவிடுகிறார்கள்.

இதற்கு வேண்டிய கருவி ஒரு நாட்காட்டிதான். சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் குறித்தால் தாளோடு கிழிந்து போகும். மாதக் காலண்டரிலோ போனிலோ குறியுங்கள். இரண்டு நாள் லேசாகக் கறை பட்டாலும் குறியுங்கள்.

41 வயதில் காப்பர்-டி போட்டேன். பத்து வருஷம் ஆகப் போகிறது, புதிதாக மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இது பலருக்குத் தெரிவதில்லை, சில இடங்களில் பணியாளர்களுக்கே தெரிவதில்லை.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடும் காப்பர்-டி 380ஏ-க்கு அட்டையில் 10 ஆண்டு என்று எழுதித் தருகிறார்கள். 375 என்ற வகைக்கு 5 ஆண்டு. இளம் வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்குச் சரி. 40 வயது முடிந்தபின் போட்டிருந்தால், கருத்தரிக்கும் திறனே குறைந்துவிட்டதால், அதே காப்பர்-டி மாதவிடாய் நிற்கும் வரை காப்பாற்றும். பிரிட்டன் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 39-இல் போட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை, அட்டைத் தேதிதான்.

ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1974 ஜூனில் பிறந்தவர். 2015 ஆகஸ்டில், 41 வயதில், 380ஏ போட்டுக்கொண்டார். 2022-இலிருந்து மாதவிடாய் தாறுமாறாக வந்தது. 2023 மார்ச் 12-க்குப் பிறகு வரவே இல்லை. எட்டு மாதம் கழித்து 2023 நவம்பர் 5-இல் நான்கு நாள் வந்தது. அதன்பின் இல்லை.

அவர் மார்ச்சிலிருந்து எண்ணினார். தவறு. 12 மாதம் முடியும் முன் மறுபடி வந்ததால் பழைய எண்ணிக்கை ரத்து, நவம்பர் 5-இலிருந்து புதிதாக எண்ண வேண்டும். 2024 நவம்பர் 5-இல் ஓராண்டு நிறைந்தது. மாதவிடாய் நின்றது உறுதி. அப்போது அவருக்கு 50 ஆகிவிட்டது, ஆகவே எடுத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது. பார்க்க வேண்டியது இன்றைய வயது அல்ல, கடைசி மாதவிடாய் வந்த அன்றைய வயது. அன்று அவருக்கு 49. ஆகவே 2 ஆண்டு, அதாவது 2025 நவம்பர் 5.

நடுவில் 2025 ஆகஸ்டில் அட்டைத் தேதி முடிந்தது. "எக்ஸ்பயரி ஆயிடுச்சு, புதுசு போடணும்" என்று சொன்னார்கள். மூன்று மாதத்துக்காக இன்னொரு காப்பர்-டி எதற்கு? 41-இல் போட்டதுதானே, அப்படியே விட்டு, நவம்பரில் எடுத்தாயிற்று.

மாதவிடாய் நின்றுவிட்டது, காப்பர்-டி ஒன்றும் செய்யவில்லை. அது பாட்டுக்கு உள்ளேயே இருக்கட்டுமே?

வேண்டாம். ஹார்மோன் குறையக் குறையக் கருப்பை சுருங்குகிறது, வாய் இறுகுகிறது. பல ஆண்டு கிடந்தால் தொற்று வரலாம், கருப்பைக்குள் சீழ் சேரலாம். எடுப்பதும் கடினமாகும். மேலே சொன்ன 1 அல்லது 2 ஆண்டு முடிந்த கையோடு எடுத்துவிட்டால் நிமிட வேலை.

நூல் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். ஸ்கேன் எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள், கருப்பையில் தெரியாவிட்டால் எக்ஸ்ரே. "நூல் இல்லை, எப்போதோ விழுந்திருக்கும்" என்று யாராவது கையை விரித்தால், ஸ்கேன் பார்க்காமல் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 60 வயதுக்கு மேல் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், மறந்துபோன காப்பர்-டி தெரிவது அபூர்வம் இல்லை.

எனக்கு இப்போதே ரத்தப்போக்கு அதிகம். 46 வயதில் புதிதாகப் போட்டால் எது நல்லது?

ஏற்கெனவே அதிகமாகப் போகிறவர்களுக்குக் காப்பர்-டி இன்னும் அதிகப்படுத்தும். நாற்பதுகளின் பின்பாதியில் அதிக ரத்தப்போக்கு இயல்பாகவே வருவதால், இந்த இடத்தில் நான் ஹார்மோன் காயிலைத்தான் முதலில் சொல்வேன். மிரேனா என்ற பெயரில் பலர் கேட்டிருப்பீர்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் 52 மில்லிகிராம் உள்ள, காப்பர்-டி போலவே கருப்பைக்குள் வைக்கும் காயில். ரத்தப்போக்கை நன்றாகக் குறைக்கும், பலருக்கு நிறுத்தியே விடும். 45 வயது முடிந்தபின் போட்டால் கருத்தடைக்கு 55 வரை மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால் விலை, அப்புறம் முதல் சில மாதம் விட்டுவிட்டுக் கறை படுவது.

ஆனால் வரிசை முக்கியம். 45-க்கு மேல் ரத்தப்போக்கு மாறியிருந்தால் முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் கருப்பையின் உட்சவ்வில் சிறு சதைப் பரிசோதனை. அப்புறம்தான் காயில். காரணம் தெரியாமல் காயிலைப் போட்டு ரத்தத்தை அடக்கிவிட்டால், உள்ளே இருக்கும் நோயும் மறைந்துகொள்ளும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு எந்த ஹார்மோன் முறையும் ஆகாது. அவர்களுக்குக் காப்பர்-டி அல்லது ஆணுறை.

ஹார்மோன் காயில் போட்டதிலிருந்து மாதவிடாயே வரவில்லை. நின்றுவிட்டதா, காயிலால் நிற்கிறதா, எப்படித் தெரியும்?

மாதவிடாயை வைத்துத் தெரியாது. காயில் உட்சவ்வை மெலிய வைப்பதால் ரத்தம் வருவதில்லை. சினைப்பை பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கலாம். 12 மாதக் கணக்கு இங்கே செல்லாது என்று முன்பு சொன்னது இதனால்தான்.

இரண்டு வழி உண்டு. 45-க்கு மேல் போட்டவர் எதையும் எண்ணாமல் 55 வரை வைத்திருந்து எடுத்துவிடலாம். சோம்பேறித்தனமாகத் தோன்றும், ஆனால் நல்ல வழி. முன்னாலேயே எடுக்க விரும்பினால், 50 வயது முடிந்தபின் ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கலாம். 30-க்கு மேல் இருந்தால் இன்னும் ஓராண்டு வைத்திருந்து எடுக்கலாம். 30-க்குக் கீழே என்றால் அப்படியே தொடர்ந்து, ஓராண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

அப்படியானால் எனக்கும் இப்போதே அந்த ரத்தப் பரிசோதனை செய்து, நின்றுவிட்டதா என்று பார்த்துவிடலாமே? எனக்கு 47.

அதில் பணம் போகும், பதில் வராது. எஃப்.எஸ்.எச். என்பது சினைப்பையை வேலை வாங்க மூளை அனுப்பும் ஹார்மோன். சினைப்பை மந்தமானால் அளவு ஏறும். மாதவிடாய் நிற்கப் போகும் ஆண்டுகளில் அது ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். இந்த மாதம் 45 காட்டிவிட்டு, அடுத்த மாதம் 9 காட்டி, முட்டையும் வெளிவரும். லேப் தாளில் "மெனோபாஸ்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கருத்தடையை நிறுத்தியவர் கர்ப்பமாக வருவது இப்படித்தான். பரிசோதனை தவறவில்லை, கேட்ட கேள்விதான் தவறு. 50-க்குக் கீழ் கருத்தடையை நிறுத்த இந்த எண்ணை நம்பக் கூடாது. மாலா-என் போன்ற கலவை மாத்திரையோ ஹார்மோன் சிகிச்சையோ எடுக்கும்போது பார்த்தாலும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

உடம்பு திடீரென்று சூடேறி வியர்த்துக் கொட்டுவதும் ஆதாரம் ஆகாது. அது மாதவிடாய் நிற்பதற்குப் பல ஆண்டு முன்பே தொடங்கலாம்.

மாலா-என் மாத்திரை சாப்பிடுகிறேன். 49 வயதிலும் மாதாமாதம் சரியாக வருகிறது. அப்போ எனக்கு இன்னும் நிற்கவில்லைதானே?

அது மாத்திரையால் வரும் ரத்தம். பாக்கெட்டில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. இரும்பு மாத்திரைக்கு மாறும் வாரத்தில் ஹார்மோன் இல்லாததால் ரத்தம் வருகிறது. சினைப்பை முழுக்க ஓய்ந்துவிட்டாலும் மாத்திரை சாப்பிடும் வரை இப்படி வந்துகொண்டுதான் இருக்கும்.

50 வயதில் இந்தக் கலவை மாத்திரையை நிறுத்தி வேறு முறைக்கு மாற வேண்டும். ரத்தம் உறைதல், பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றுக்கு வயதே ஒரு காரணம், மாத்திரை அதைக் கூட்டும். ரத்த அழுத்தம் இருந்தாலோ, கண் முன் மின்னல் கோடு தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ, காலில் ரத்தக்கட்டி வந்திருந்தாலோ, புகைபிடித்தாலோ 50 வரைகூடக் காத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கணக்காகக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் குறைந்தது பி.பி.யாவது பாருங்கள்.

"சாயா" மாத்திரையும் "அந்தரா" ஊசியும் இந்த வயதில் போடலாமா?

சாயாவில் இருப்பது சென்ட்குரோமன், லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. கலவை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இதில் இல்லாததால் ரத்தக்கட்டி பயத்தில் கலவை மாத்திரையை விட்டவர்கள் இதற்கு வருகிறார்கள். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. சிக்கல் என்னவென்றால், இந்த மாத்திரையே மாதவிடாயைத் தள்ளிப்போடும். நிற்கப் போவதால் தள்ளுகிறதா, மாத்திரையால் தள்ளுகிறதா, கர்ப்பமா என்று மூன்றுவிதக் குழப்பம். என் யோசனை, 47, 48 வாக்கில் ஆணுறைக்கோ காப்பர்-டிக்கோ மாறினால் தேதி எண்ண முடியும்.

அந்தரா மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு, மாதவிடாய் நின்றபின் எலும்பு எப்படியும் தேயப் போகிறது. ஆகவே 50-க்கு மேல் தொடர்வதில்லை. இன்னொன்று, கடைசி ஊசிக்குப் பிறகு மாதவிடாய் திரும்பவே 7 முதல் 10 மாதம் ஆகலாம். ஊசியை நிறுத்தி ஒரு வருடமாக வரவில்லை என்பதை மட்டும் வைத்து நின்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

வியர்வைக்கும் தூக்கமின்மைக்கும் ஹார்மோன் சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். அதுவே கருத்தடை ஆகிவிடாதா?

ஆகாது. அதிலுள்ள ஹார்மோன் முட்டை வருவதைத் தடுக்கும் அளவுக்கு இல்லை. தனியாக ஒரு கருத்தடை வேண்டும். ஹார்மோன் காயில் உள்ளவருக்கு அது இரண்டு வேலையும் செய்யும். ஆனால் ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்துக் கருப்பையைப் பாதுகாக்கப் பயன்படுத்தினால் 5 ஆண்டில் மாற்ற வேண்டும், 55 வரை என்ற சலுகை அங்கே கிடையாது.

இத்தனை வருஷமாக நாள் பார்த்தே சமாளித்தோம். இன்னும் கொஞ்ச நாள்தானே?

மாதவிடாய் ஒழுங்காக வருகிறவரைக்கும்தான் அந்தக் கணக்கு. 24 நாளில் ஒன்று, 70 நாளில் ஒன்று என்று வரும்போது "பாதுகாப்பான நாள்" எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆணுறைக்கு மாறுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரோத் இலவசம்.

நேற்று இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. எனக்கு 48. ஏதாவது செய்ய வேண்டுமா?

செய்யுங்கள். 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை, சீக்கிரம் சாப்பிடச் சாப்பிட நல்லது. அதைவிட நம்பகமானது 5 நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்வது. 48 வயதில் போட்டால் அதுவே கடைசி வரைக்கும் போதும்.

மூன்று வாரத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். கர்ப்பம் என்று வந்து, வேண்டாம் என்றால், கருத்தடை தவறியதைக் காரணமாகச் சொல்லி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கலைக்க இந்தியச் சட்டம் இடம் தருகிறது. கணவரின் கையெழுத்து கேட்கக் கூடாது. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும்.

ஒன்றரை வருஷமாக வராமல் இருந்து, இப்போது மறுபடி ரத்தம். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டுமா?

எண்ணுவதை விடுங்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள். 12 மாதத்துக்குள் வந்தால் அது மாதவிடாய். 12 மாதம் தாண்டி வந்தால் அதை மாதவிடாய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒரு துளி என்றாலும். பெரும்பாலும் உட்சவ்வு மெலிந்ததாலோ சிறு சதை வளர்ச்சியாலோதான் இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுதான். ஸ்கேனில் உட்சவ்வின் தடிமனைப் பார்த்து, அதிகமாக இருந்தால் சதைப் பரிசோதனை செய்வார்கள். அதுவரை கையிலிருக்கும் கருத்தடை தொடரட்டும், காப்பர்-டி இருந்தால் அதை எடுப்பதா வேண்டாமா என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம். போகும்போது தேதி குறித்த காலண்டரைக் கையோடு எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.